கிடா மூத்திரம் போக முக்குகிறதா? கல்லடைப்பை அறிவதும் தடுப்பதும்

பக்ரீத்துக்கு விற்க, மக்காச்சோளமும் தவிடும் கொடுத்துக் கொழுக்க வைக்கும் கிடாக்களுக்குத்தான் கல்லடைப்பு அதிகம் வருகிறது. பெட்டைக்கு மூத்திரக் குழாய் குட்டையாக, அகலமாக இருப்பதால் கல் வெளியேறிவிடும். கிடாவுக்கு அது நீளம், குறுகல், நடுவில் வளைவு வேறு. குறியின் நுனியில் புழு போல நீண்டிருக்கும் மெல்லிய பகுதியிலோ அந்த வளைவிலோ மணல் போன்ற கல் சிக்கிக்கொள்ளும்.

படி 1: முக்கலைப் பாருங்கள்

பின்கால்களை அகட்டி, முதுகை வளைத்து, வாலைத் துடித்தபடி முக்கும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றுகிறார்கள். அதற்குள் நேரம் போய்விடும். புழுக்கை விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கிடாவை உலர்ந்த தரையில் தனியாகக் கட்டி, தரை நனைகிறதா என்று கவனியுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, குறியுறை மயிரில் மணல் போல ஒட்டியிருந்தாலோ கல்லடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 2: உடனே மருத்துவர்

முழு அடைப்பு ஓரிரு நாளில் மூத்திரப்பையைக் கிழித்துவிடும். கிழிந்ததும் முக்கல் நிற்கும். கிடா தேறியது போலத் தெரியும், ஆனால் வயிறு கீழே உப்பத் தொடங்கும். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962-ஐ அழைக்கலாம். நுனியில் சிக்கியிருந்தால் அந்தப் புழுப்பகுதியை மருத்துவர் வெட்டியே அடைப்பை நீக்க முடியும். அதுவரை மூத்திரம் பெருக்கும் மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். வழி அடைத்திருக்கும்போது பை இன்னும் வீங்கும்.

படி 3: தீவனத்தைத் திருத்துங்கள்

தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு இரண்டு பங்கு கால்சியம் வேண்டும். 25 கிலோ கிடாவுக்குத் தினம் 400 கிராம் மக்காச்சோளமும் 200 கிராம் கோதுமைத் தவிடும் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 3.4 கிராம், கால்சியம் அரை கிராம்கூட இல்லை. இதைச் சரிசெய்ய 17 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் தேவை. தவிட்டை 50 கிராமாகக் குறைத்தால் 9 கிராம் தூளே போதும். அதனால் முதலில் தவிட்டில் கை வையுங்கள். வழக்கமான தாது உப்புக் கலவை இதற்கு ஈடாகாது, அதிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. வேலிமசால், அகத்தி போன்ற கால்சியம் மிகுந்த தழையும் உலர்தீவனமும் கூடவே கொடுங்கள்.

படி 4: தண்ணீர், உப்பு

சுத்தமான தண்ணீர் நாள் முழுவதும் எட்டும்படி இருக்கட்டும். அடர்தீவனத்தில் 100 கிராமுக்கு 2 கிராம் சமையலுப்பு கலந்தால் நிறையக் குடிக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் உப்பைக் கூட்டாதீர்கள். மந்தையில் ஏற்கெனவே கல்லடைப்பு வந்திருந்தால், அம்மோனியம் குளோரைடு தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதாவது இந்தக் கிடாவுக்குத் தினம் 5 கிராம் என்பது வழக்கமான அளவு.

படி 5: காயடிக்க அவசரப்படாதீர்கள்

சிறு குட்டியிலேயே காயடித்தால் மூத்திரக் குழாய் அகலமாக வளராமல் நின்றுவிடும். குறைந்தது மூன்று மாதமாவது பொறுத்து, மருத்துவரைக் கொண்டு வலி தெரியாமல் செய்யுங்கள்.