பத்து விண்டோ திறந்திருக்கும்போது செய்யக்கூடாதவை

விண்டோஸ் 11 கணினியில் பல செயலிகளை ஒரே நேரத்தில் வைத்து வேலை செய்பவர்களுக்கு இரண்டு வசதிகள் கிடைக்கின்றன. ஒன்று ஸ்னாப்: விண்டோக்களைத் திரையின் பாதியிலோ மூலையிலோ கச்சிதமாகப் பொருத்துவது. மற்றொன்று மெய்நிகர் டெஸ்க்டாப்: ஒரே திரையில் தனித்தனிப் பணிமேடைகளை உருவாக்கி, வேண்டும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது. இரண்டையும் சில நாட்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, "குழப்பம்தான் அதிகமாகிறது" என்று கைவிடுபவர்கள் ஏராளம். அந்தக் குழப்பத்தின் வேர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரே பார்வையில் சேர்ந்து தெரிய வேண்டியவற்றுக்கு ஸ்னாப். இப்போதைக்குக் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவற்றுக்கு டெஸ்க்டாப். இந்தப் பிரிவினை தெளிவாகாமல் குறுக்குவிசைகளை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

முதல் தவறு இதிலிருந்தே பிறக்கிறது. டெஸ்க்டாப்புகளைச் செயலிவாரியாகப் பிரிப்பது. ஒன்றில் மின்னஞ்சல், ஒன்றில் பிரவுசர், ஒன்றில் எக்செல் என்று அடுக்கினால் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். வேலையைத் தொடங்கினால் தெரியும் அதன் லட்சணம்.

ஒருவர் மாதாந்திர பில்களைச் சரிபார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் பி.டி.எஃப் கோப்பாக இருக்கிறது. தொகையை எக்செல் தாளில் உள்ள கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஐயம் வந்தால் அனுப்பியவரின் மின்னஞ்சலைத் திறந்து பார்க்க வேண்டும். செயலிவாரியாகப் பிரித்திருந்தால், ஒரு பில்லுக்கே மூன்று டெஸ்க்டாப்புகளுக்கு இடையே போய்வர வேண்டும். ஒவ்வொரு முறை தாவும்போதும் தொகையை மனத்தில் சுமந்துகொண்டு போக வேண்டும். எண்கள் மாறிப்போவது அந்த வழியில்தான்.

வேலைவாரியாகப் பிரித்தால் கதையே வேறு. Win + Ctrl + D அழுத்திப் புதிய டெஸ்க்டாப் ஒன்றைத் திறக்கிறார். அங்கே பில்லைத் திறந்து, பிறகு எக்செல்லையும் திறந்து Win + வலது அம்புக்குறி. உடனே மறுபாதியில், அந்த டெஸ்க்டாப்பில் திறந்திருக்கும் மற்ற விண்டோக்களின் சிறு படங்கள் தோன்றும். அம்புக்குறிகளால் பில்லைத் தேர்ந்து Enter அழுத்தினால் அது இடது பாதியில் அமர்ந்துவிடும். மின்னஞ்சலில் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. தேவையான அந்த ஒரு கடிதத்தை மட்டும் தனி விண்டோவாகத் திறந்து வைத்தால் போதும். உரையாடல் செயலியும் மற்ற வேலைகளும் முதல் டெஸ்க்டாப்பில் இருக்கட்டும். அங்கே போக Win + Ctrl + இடது அம்புக்குறி, திரும்பி வர Win + Ctrl + வலது அம்புக்குறி.

இரண்டு பாதிகளும் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நடுவே உள்ள கோட்டைச் சுட்டியால் பிடித்து இழுத்தால், ஒன்று அகலும்போது மற்றொன்று தானாகவே சுருங்கும். பில்லுக்குக் குறுகிய இடம் போதும். எக்செல்லுக்கு அகலம் வேண்டும். ஒவ்வொரு விண்டோவின் ஓரத்தையும் தனித்தனியாக இழுத்துச் சரிசெய்து கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது, இந்த ஒன்றையாவது காட்டிவிட வேண்டும் என்று தோன்றும். தொடக்கத்திலேயே சமமற்ற பிரிவு வேண்டுமென்றால் Win + Z அழுத்துங்கள். திரையைப் பிரிக்கும் அமைப்புகள் எண்களோடு தோன்றும். அமைப்பின் எண்ணை அழுத்தி, பிறகு அதற்குள் உள்ள இடத்தின் எண்ணை அழுத்தினால் விண்டோ அங்கே போய்ப் பொருந்தும்.

அடுத்த தவறு, சிறிய திரையை நான்காக வெட்டுவது. Win + இடது அம்புக்குறி, உடனே Win + மேல் அம்புக்குறி என்று அழுத்தினால் விண்டோ இடது மேல்மூலைக்குப் போய்விடும். எளிதாக இருக்கிறது என்பதற்காக நான்கு மூலைகளையும் நிரப்பிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மடிக்கணினித் திரை 1920 × 1080 புள்ளிகள் கொண்டது. எழுத்துகள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக விண்டோஸ் அதை 150 சதவீதத்தில் காட்டுகிறது என்றால், செயலிகளுக்குக் கிடைக்கும் இடம் 1280 × 720 திரைக்குச் சமம். டாஸ்க்பார் போக உயரத்தில் கிட்டத்தட்ட 670 மிஞ்சும். அதில் பாதி 335. எக்செல்லின் தலைப்புப் பட்டை, ரிப்பன், சூத்திரப் பட்டை, கீழே தாள்களின் பெயர்வரிசை ஆகியவையே அந்த உயரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். எண்களுக்கு ஒரு சில வரிசைகள்தான் எஞ்சும்.

இதைவிடத் தொல்லை தருவது வேறொன்று. சில செயலிகள் ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குக் கீழே சுருங்க மறுக்கும். அப்படிப்பட்டதைக் குறுகிய இடத்தில் பொருத்தினால், அது தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து விண்டோவின் மேல் படர்ந்துவிடும். பக்கத்தில் உள்ள ஆவணத்தின் முதல் எழுத்துகள் வரிக்கு வரி காணாமல் போயிருந்தால் காரணம் இதுதான். ஆவணத்தில் கோளாறு எதுவும் இல்லை. மடிக்கணினியில் இரண்டு போதும் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது விண்டோவுக்கு இடம் தேடுவதைவிட, எக்செல்லில் Ctrl + F1 அழுத்தி ரிப்பனை மடக்கி வைப்பது கூடுதல் வரிசைகளைத் தரும். நான்கு மூலைகள் பெரிய மானிட்டருக்கு உரியவை.

இனி குறுக்குவிசைகளில் நேரும் தடுமாற்றம். Win + Shift + இடது அல்லது வலது அம்புக்குறி விண்டோவை அடுத்த டெஸ்க்டாப்புக்கு நகர்த்தும் என்று பலர் நம்புகிறார்கள். அது நகர்த்துவது அடுத்த மானிட்டருக்கு. மானிட்டர் ஒன்றே ஒன்று என்றால் எதுவுமே நடக்காது. "வேலை செய்யவில்லையே" என்று மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருப்பார்கள். டெஸ்க்டாப் விட்டு டெஸ்க்டாப் விண்டோவை அனுப்ப, ஒரே அழுத்தலில் முடியும் குறுக்குவிசை விண்டோஸிலேயே கிடையாது. சுட்டியைத் தொடாமல் செய்ய வேண்டுமானால் வழி இது: Win + Tab அழுத்துங்கள், அம்புக்குறிகளால் விண்டோவைத் தேர்ந்தெடுங்கள், Shift + F10 அழுத்தினால் பட்டியல் திறக்கும், அதில் Move to என்பதன் கீழ் டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலில் Show this window on all desktops என்றும் ஒன்று இருக்கிறது. எந்த வேலையில் இருந்தாலும் கண்முன் வேண்டும் என்ற குறிப்பேடு போன்றவற்றுக்கு அது பொருத்தம். உரையாடல் செயலிக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்து வைத்ததன் பயனே போய்விடும்.

Win + 1, Win + 2 என்பவையும் முதல், இரண்டாம் டெஸ்க்டாப்புகளுக்கானவை அல்ல. அவை டாஸ்க்பாரில் வரிசையாக உள்ள செயலிகளைத் திறப்பவை. டெஸ்க்டாப்புகளுக்கு இடையே Win + Ctrl + அம்புக்குறியால் ஒவ்வொன்றாகத்தான் நடக்க முடியும். கடைசியை அடைந்தபின் இன்னொரு முறை அழுத்தினால் சுற்றிக்கொண்டு முதலுக்கு வராது, அங்கேயே நின்றுவிடும். அதனால் ஏழு எட்டு டெஸ்க்டாப்புகளை உருவாக்கி வைப்பது நடைதூரத்தைத்தான் கூட்டும். மூன்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி மாறி மாறிப் பார்க்கும் இரண்டும் அடுத்தடுத்து இருக்கட்டும். Win + Tab திரையில் அவற்றை இழுத்து வரிசையை மாற்றலாம், பெயரும் சூட்டலாம்.

"திறந்து வைத்த விண்டோவைக் காணவில்லை" என்ற புகார் எல்லோருக்கும் ஒருநாள் வரும். விண்டோ எங்கும் போயிருக்காது, வேறொரு டெஸ்க்டாப்பில் இருக்கும். டாஸ்க்பாரும் Alt + Tab பட்டியலும், நாம் மாற்றாத வரையில், நாம் இருக்கும் டெஸ்க்டாப்பின் விண்டோக்களை மட்டுமே காட்டும். இதை அறியாதவர்கள் அதே செயலியை மறுபடி திறப்பார்கள். சில செயலிகள் இங்கேயே இரண்டாவது விண்டோவைத் திறக்கும். சில, நம்மை அப்படியே பழைய டெஸ்க்டாப்புக்குத் தூக்கிச் சென்றுவிடும். இரண்டுமே திகைக்க வைப்பவை. Settings > System > Multitasking பகுதியில் Desktops என்பதன் கீழ் இதற்கு இரண்டு தெரிவுகள் உள்ளன. Alt + Tab பட்டியலை எல்லா டெஸ்க்டாப்புகளையும் காட்டும்படி மாற்றி, டாஸ்க்பாரை அப்படியே விட்டுவிடுவதுதான் என் பரிந்துரை. கண்முன் இருக்கும் டாஸ்க்பார் நடப்பு வேலையை மட்டும் காட்டும். தேடும்போது Alt + Tab எல்லாவற்றையும் காட்டும்.

வேலை முடிந்ததும் Win + Ctrl + F4 அழுத்தி டெஸ்க்டாப்பை மூடுகிறோம். செயலிகளும் அதோடு மூடப்பட்டன என்று எண்ண வேண்டாம். அவை அனைத்தும் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்து குவிந்துவிடும். சேமிக்காத கோப்பு எதுவும் இழக்கப்படாது என்பது நல்ல செய்திதான். ஆனால் அழகாகப் பிரித்து வைத்த இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்துவிடும், அதை மீட்க ஒரு பொத்தானும் இல்லை. முதலில் விண்டோக்களை Alt + F4 கொண்டு ஒவ்வொன்றாக மூடிவிட்டு, பிறகு டெஸ்க்டாப்பை மூடுவதே முறை. கணினியை அணைத்துத் திறக்கும்போதும் கவனம் தேவை. டெஸ்க்டாப்புகளும் அவற்றின் பெயர்களும் அப்படியே இருக்கும். பெரும்பாலான செயலிகள் தாமாக அங்கே திரும்பி வந்து அமர்வதில்லை.

கடைசியாக, அந்தரங்கம் பற்றிய தவறான நம்பிக்கை. இன்னொரு டெஸ்க்டாப்பில் இருப்பது பாதுகாப்பாக மறைந்திருக்கிறது என்று நினைத்து, இணையவழிக் கூட்டத்தில் முழுத்திரையையும் பகிர்ந்துவிடுகிறார்கள். பழக்கதோஷத்தில் விரல் Win + Ctrl + அம்புக்குறியை அழுத்தியதும், சம்பளக் கணக்கோ சொந்தக் கடிதமோ எல்லோர் முன்னிலையிலும் விரிந்துவிடும். டெஸ்க்டாப்புகளுக்கு இடையே சுவர் எதுவும் இல்லை: கோப்புகள் ஒன்றே, நகலெடுத்து வைத்ததும் ஒன்றே, நினைவகமும் ஒன்றே. எந்த டெஸ்க்டாப்பில் இருந்தாலும் அறிவிப்புகள் திரையின் ஓரத்தில் எழும். பகிரும்போது முழுத்திரையைத் தவிர்த்து, காட்ட வேண்டிய விண்டோவை மட்டும் தேர்ந்தெடுங்கள். முழுத்திரையையே பகிர வேண்டிய நிலை வந்தால், Win + N அழுத்தி, அங்கே உள்ள மணிச் சின்னத்தின் மூலம் அறிவிப்புகளை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள்.