கொங்கு நாட்டில் கண்ணாடி உடைந்தால்: மைனஸ் பவர்காரருக்கான வழிகாட்டி

கோபிசெட்டிபாளையம் அருகே அம்மிச்சி வீட்டுத் திண்ணையில் கழற்றி வைத்திருந்த என் கண்ணாடியை ஒரு குழந்தை மிதித்துவிட்டது. வலது லென்ஸ் இரண்டாகப் பிளந்திருந்தது; ஃபிரேமில் காதில் மாட்டும் கை ஒன்று முறிந்திருந்தது. "முறத்துல வாரிக் கொட்டிர்றேன் கண்ணு" என்று அம்மிச்சி வந்தபோது நான் தடுத்து, துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். பவர் எழுதிய சீட்டு கனடாவில் இருந்ததால், என் பவரைச் சொல்லக்கூடிய சான்றாக அப்போது இருந்தவை அந்தத் துண்டுகள் மட்டுமே.

கண்ணாடிக் கடையில் உள்ள லென்ஸோமீட்டர் என்ற கருவி, உடைந்த துண்டிலிருந்தும் பவரைப் படித்துவிடும். கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு அதன் கோணமும் தேவை என்பதால் ஃபிரேமையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். என் இரு துண்டுகளையும் ஃபிரேமின் வளையத்தில் பழையபடி பொருத்தி, ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டிய பிறகே கடைக்காரரால் மைனஸ் 5, சிலிண்டர் மைனஸ் 1, கோணம் 170 என்று படிக்க முடிந்தது. துண்டு தனியாக இருந்திருந்தால் எது மேல்பக்கம் என்பதே தெரிந்திருக்காது.

அந்த இரவைக் கடத்த எனக்கு உதவியது ஓர் எளிய கணக்கு. நூறை மைனஸ் பவரால் வகுத்தால், கண்ணாடியில்லாமல் தெளிவாகத் தெரியும் கடைசித் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். மைனஸ் 5 உள்ளவருக்கு அது 20 சென்டிமீட்டர். ஆகவே புத்தகத்தை அவ்வளவு அருகில் பிடித்தால் படிக்கலாம். பிளஸ் டூ தேர்வு நாளில் பிள்ளையின் கண்ணாடி உடைந்து பதறும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன்: பவர் மைனஸ் 3 என்றால் 33 சென்டிமீட்டர் வரை தெரியும், வினாத்தாளும் விடைத்தாளும் அதற்குள் அடங்கிவிடும், சுவர்க் கடிகாரமும் கரும்பலகையும் மட்டுமே மங்கும். நேரத்தை அறிய மேசையில் கைக்கடிகாரம் வைக்க அனுமதி உண்டா என்று கண்காணிப்பாளரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளலாம். சிலிண்டர் அதிகமாக உள்ள பிள்ளைக்கு அருகிலும் எழுத்து சற்றே இழுபட்டுத் தெரியும். கடைகளில் தொங்கும் ஆயத்தப் படிப்புக் கண்ணாடிகள் பிளஸ் பவர் கொண்டவை. அவை வெள்ளெழுத்துக்காரருக்கு உதவுமே தவிர மைனஸ்காரருக்குத் தூரத்தை மேலும் மங்கலாக்கும்.

தூரத்தைப் பார்க்கக் கைப்பேசிக் கேமராவே போதும். கோபி பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டி சத்தியமங்கலத்துக்கா ஈரோட்டுக்கா என்று, பலகையைக் கேமராவில் பெரிதாக்கி, திரையைக் கண்ணருகே பிடித்துப் படித்துக்கொண்டேன். கெட்டி அட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஊசித்துளை போட்டு அதன் வழியே பார்த்தாலும் உருவம் கூர்மையாகும்; குறுகிய ஒளிக்கற்றை மட்டும் கண்ணுக்குள் போவதே காரணம். ஆனால் காட்சி இருண்டும் குறுகியும் இருப்பதால் உட்கார்ந்த இடத்தில் மட்டுமே அது பயன்படும். உறவினரின் இருசக்கர வண்டியை மட்டும் அந்த நிலையில் தொடவே கூடாது.

திருகு மட்டும் கழன்றிருந்தால் மெல்லிய கம்பியையோ நூலையோ கோத்துக் கட்டிக்கொள்ளலாம். உடனடிப் பசையைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அதன் ஆவி லென்ஸில் வெண்படலமாகப் படிந்துவிடும்.

ஒரே பவர் கொண்ட லென்ஸ்கள் பொதுவாக மைனஸ் 6 வரையும் சிலிண்டர் 2 வரையும் ஆயத்தமாகக் கிடைப்பவை. கடையில் இருந்தால் அரைத்து மாட்ட ஒரு மணி நேரம் கூட ஆகாது. என் சிலிண்டர் லென்ஸ் கோபியில் இல்லாததால் ஈரோட்டிலிருந்து வரவழைத்து மறுநாள் மதியம் கொடுத்தார்கள். தூரத்துக்கும் அருகுக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸ் அணிபவர்கள் அதைச் செய்துவரப் பல நாள் காத்திருக்க நேரும் என்பதால், அதுவரைக்கும் தூரப் பவர் மட்டும் போட்ட மலிவான கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்குவதே என் பரிந்துரை. துண்டும் சீட்டும் இல்லாதவர்கள் 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' எண்ணை மட்டும் நம்பி லென்ஸ் போடக் கூடாது, குறிப்பாக இளையோருக்கு அது மைனஸைக் கூட்டிக் காட்டக்கூடும். சோதனை ஃபிரேமில் லென்ஸ் மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கோவைப் பக்கம் இருப்பவர்கள் அவிநாசி சாலையிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையிலோ சிவானந்தபுரத்திலுள்ள சங்கரா கண் மருத்துவமனையிலோ முறையாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தைக் கடையில் அளக்கிறார்களா என்று கவனியுங்கள். வெளிநாட்டுச் சீட்டுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. மைனஸ் 5 லென்ஸின் மையம் சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே தலைவலி வரக்கூடும். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடி எதிர்க்கடைப் பலகையைப் படியுங்கள். பிறகு கதவு நிலையைப் பாருங்கள். நேராக நிற்க வேண்டிய நிலை சாய்ந்து தெரிந்தால் சிலிண்டரின் கோணம் தவறியிருக்கக்கூடும். பணம் கொடுப்பதற்கு முன், அந்த லென்ஸை மறுபடி லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.