முதலில் இஸ்திரி வண்டியைத் தேடுங்கள்

சிங்கப்பூர் தேக்கா சென்டர் மாடியில் வரிசையாக இருக்கும் தையல் கடைகளில் நாலு இடம் ஏறி இறங்கி விலை கேட்டுப் பழகியவர்கள் நாம். ஊரில் இரண்டு மூன்று மாதம் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கும்போது அப்படி ஒரே கூரைக்குக் கீழே எதுவும் கிடைக்காது. போன முறை திருச்சி தில்லைநகரில் வீடெடுத்தபோது தையல்காரரைத் தேடி இரண்டு நாள் வெயிலில் அலைந்தேன். தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அண்ணனிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

அவரிடம்தான் தெருவில் உள்ள எல்லார் வீட்டு பிளவுஸும் உள்பக்கம் திரும்பி வருகிறது. யார் தைத்தது நூல் பிரிகிறது, யார் தைத்தது சுருங்குகிறது என்று அவருக்குத் தெரியும். "நல்ல டெய்லர் யாரு" என்று கேட்டால் சொந்தக்காரரைச் சொல்லிவிடுவார். "இந்தத் தெருவுல அதிகமா யார்கிட்ட தைக்கிறாங்கண்ணே" என்று கேளுங்கள்.

அவரையும் சோதித்துத்தான் துணி கொடுக்க வேண்டும். முதல் நாள் இரண்டு பருத்திச் சட்டை போதும், அதில் ஒன்று வெள்ளையாக இருக்கட்டும். கரிப்பெட்டி என்றால் சாம்பல் துகள் விழுந்திருக்கிறதா என்பது வெள்ளையில்தான் தெரியும். கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்கும் திருகு கிடையாது. சிங்கப்பூர் கடைகளில் வாங்கும் பாலியஸ்டர் கலந்த மேல்சட்டை அதில் பட்டால் பளபளவென்று ஒரு திட்டு விழும், அதிகமானால் உருகும். நான் ஒன்றை அப்படி இழந்தேன். தப்பு அவருடையது இல்லை, துணி என்னவென்று நான் சொல்லவில்லை. இப்போது அந்த வகைத் துணியைத் தனிப் பையில் போட்டு, "மேலே ஈரத்துணி போட்டுத் தேய்ங்கண்ணே" என்று சொல்லிக் கொடுக்கிறேன். எத்தனை உருப்படி என்று அவர் முன்னாலேயே எண்ணிவிடுங்கள்.

அவர் காட்டிய தையல்காரர் நாலு வீடு தள்ளி, வாசலோரம் மிஷின் போட்டிருந்த அக்கா. நான் போக வேண்டிய கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பட்டு பிளவுஸை எடுத்த எடுப்பில் கொடுக்கவில்லை. சாதாரணப் பருத்தித் துணியில் ஒன்று தைக்கச் சொன்னேன். அளவெடுக்கச் சொல்வதைவிட, உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய பிளவுஸை அளவுக்குக் கொடுப்பது நல்லது. லைனிங் துணியை முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி தொளதொளவென்று நிற்கும்.

தைத்து வந்ததைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். பிளவுஸ் முழுவதும் கூடவே மேலே ஏறினால் கைக்குழி கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதை அப்புறம் சரிசெய்வது கடினம், வெட்டிய துணி திரும்பி வராது. பக்கம் பிடிக்கிறது என்றால் பரவாயில்லை, உள்ளே துணி விட்டிருந்தால் பிரித்துவிடலாம். எனவே உள்பக்கம் திருப்பி, இரு பக்கத் தையலிலும் ஓர் அங்குலமாவது விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சாப்பாடு முடிந்து சிங்கப்பூர் திரும்பிய பிறகு, புளோக்குக்குக் கீழே இருக்கும் ஆல்டரேஷன் கடைக்காரருக்கு வேலை செய்ய அந்த ஓர் அங்குலம் வேண்டும்.

என் சோதனை பிளவுஸில் கைக்குழி சரியாக இருந்தது, கழுத்து மட்டும் அரை அங்குலம் அகலம். அதைச் சொல்லிப் பட்டைக் கொடுத்தேன். கல்யாணத் தேதியை மூன்று நாள் முன்னால் தள்ளிச் சொன்னேன், சரியாக இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தார்! தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, தைக்கப் புதுத் துணியே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் தையல்காரர்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள்.

லாண்டரியில் பட்டுப்புடவை கொடுப்பதானால், இங்கேயே டிரைவாஷ் செய்கிறார்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அனுப்புகிறவர்கள் என்றால் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கறை எங்கே, எதனால் என்று காட்டி, அதை ரசீதிலேயே எழுத வையுங்கள். சாம்பார் கறையும் எண்ணெய்க் கறையும் ஒரே மாதிரி போகாது.

ரிப்பேர் கடைக்குப் பெரும்பாலும் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போவோம். ஜிப் மூடிய பிறகும் பிளந்துகொண்டால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டியதில்லை. பல்வரிசை நன்றாக இருந்தால், தேய்ந்துபோன ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். செருப்புத் தைப்பவரே பல இடங்களில் இதைச் செய்வார். அவர் எங்கே உட்காருவார் என்பதும் இஸ்திரி அண்ணனுக்குத் தெரியும். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே பெட்டியை ஒருமுறை நிரப்பி, ஜிப்பை இழுத்துப் பாருங்கள். காலிப் பெட்டியில் எல்லா ஜிப்பும் நன்றாகத்தான் மூடும்.