இறால் விலையும் 0.83-உம்

காசிமேட்டில் இறால் விற்கும் பெரியம்மாவின் நோட்டிலிருந்து ஆறு வரிகளை எடுத்தேன். கிலோவுக்கு 10, 20, 30, 40, 60, 100 இறால் நிற்கும்போது விலை முறையே 900, 600, 480, 400, 320, 260 ரூபாய். பொடி ஆக ஆக விலை இறங்குகிறது, ஒரு இடத்தில்கூட ஏறவில்லை, ஆனாலும் இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவை அளக்கும் pandas-இன் `df.corr()`, முழு இறக்கத்துக்கான −1 காட்டாமல் −0.83 என்றது.

ரெண்டு நாள் தரவில்தான் பிழை தேடினேன். அப்புறம் புள்ளிகளை வரைந்து பார்த்தால், முதலில் செங்குத்தாக விழுந்து பிறகு தட்டையாகும் வளைவு! பியர்சன் என்ற ஒட்டுறவு முறை அளப்பது நேர்கோட்டுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும்தான், நாம் எதையும் சொல்லாவிட்டால் pandas எடுத்துக்கொள்வதும் அதைத்தான்.

```python
df.corr(method="spearman")
```

இப்போது சரியாக −1. ஸ்பியர்மேன் வேறொன்றும் செய்வதில்லை, ஒவ்வொரு எண்ணையும் அதன் வரிசை இடமாக மாற்றிவிட்டு, அந்த 1, 2, 3 மேல் பியர்சனையே போடுகிறது. 900-க்கும் 600-க்கும் உள்ள பெரிய இடைவெளி அங்கே வெறும் ஒரு படி. அதனால் ருசிக்கு ஒன்று, இரண்டு என்று தரவரிசை போட்ட தரவுக்கும் இதுதான் பொருத்தம்.

ஆனால் இறங்கி மறுபடி ஏறும் வளைவு என்றால் இதுவும் ஏமாற்றும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட காட்டும். நான் இப்போது படத்தை முதலில் வரைகிறேன்.