ஸ்வாப் கணக்கில் 10 லட்சத்தை இரண்டு தடவை எண்ணாதீர்கள்

போன வாரம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு ஜர்னல் என்ட்ரியைக் கொண்டுவந்து நீட்டினான். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பல வருஷத்துக்கு முன் நான் போட்ட அதே தப்பு, அதே இடத்தில். டெபிட்-கிரெடிட் மாறிப்போவது மாதிரியான சில்லறைப் பிழைகளை டிரயல் பேலன்ஸோ மேலே உட்கார்ந்திருப்பவரோ பிடித்துவிடுவார்கள். இது அப்படிச் சிக்காது.

பேங்க் கடிதத்தின் எண்ணை அப்படியே ரிசர்வில் போடுவது

எங்கள் கணக்கையே எளிமைப்படுத்திச் சொல்கிறேன். கடன் 100 கோடி, மாறும் வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். அதற்கு ஒரு ஸ்வாப்: நாம் நிலையாக 7% கொடுக்கிறோம், பேங்க் நமக்கு மாறும் விகிதத்தைக் கொடுக்கிறது. தொடக்கம் பிப்ரவரி 1, முதல் செட்டில்மென்ட் ஏப்ரல் 30. அந்தக் காலாண்டுக்கு மாறும் விகிதம் 7.6% என்று முன்பே நிர்ணயமாகிவிட்டது.

மார்ச் 31 அன்று பேங்க் அனுப்பிய மதிப்பீட்டுக் கடிதத்தில் ஒரே ஓர் எண்: நமக்குச் சாதகமாக 1 கோடியே 10 லட்சம். அந்த முழுத் தொகையையும் டெரிவேடிவ் சொத்தாக டெபிட் செய்து, லாப நட்டத்தில் சேராத வரவுகள் போகும் ஓசிஐ வழியாக ஹெட்ஜ் ரிசர்வுக்கு கிரெடிட் செய்தேன். பிறகு, இரண்டு மாதம் ஓடியிருக்கிறதே என்று 0.6% வித்தியாசத்துக்கு 10 லட்சத்தை 'ஸ்வாப் வட்டி வரவேண்டியது' என்று தனியாக எழுதி, வட்டிச் செலவில் குறைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு என்ட்ரியும் நியாயமாகவே தோன்றும். ஆனால் பேங்க் சொன்ன 1.10 கோடிக்குள்ளேயே அந்த 10 லட்சம் இருந்தது. வருகிற செட்டில்மென்ட்டில் கிடைக்கப்போகும் பணத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் மதிப்பிடுவார்கள். ஆக 1.10 கோடி மதிப்புள்ள ஒரு பொருளை பேலன்ஸ் ஷீட்டில் 1.20 கோடியாகக் காட்டியிருந்தேன்.

சரியான என்ட்ரி இதுதான்: டெரிவேடிவ் சொத்து 1.10 கோடி டெபிட். அதற்கு எதிரே வட்டிச் செலவில் 10 லட்சம் கிரெடிட், ஓசிஐயில் 1 கோடி கிரெடிட். சேர்ந்த வட்டி போக மிஞ்சும் 'கிளீன்' மதிப்புதான் ரிசர்வுக்குப் போகும்.

இன்னும் சிலர் 10 லட்சத்தைத் தனியாக எழுதாமலே முழு 1.10 கோடியையும் ரிசர்வில் தள்ளிவிடுவார்கள். அதில் சொத்து சரியாக இருக்கும், லாப நட்டக் கணக்கு கெட்டுவிடும். கடனுக்கு இரண்டு மாத வட்டி 126.67 லட்சம் அப்படியே நிற்கும். ஸ்வாப் எடுத்ததே அது 116.67 லட்சமாக, அதாவது 7% ஆகத் தெரிய வேண்டும் என்றுதானே?

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, இந்தத் தப்பு ஒளிந்துகொள்ளும் விதம். ஏப்ரல் 30 அன்று 15 லட்சம் வந்து விழுந்ததும் சேர்ந்த வட்டி பூஜ்யமாகிவிடும். அன்று மதிப்பிட்டால் எல்லாம் சுத்தமாக இருக்கும். அடுத்த காலாண்டு நடுவில் மறுபடி முளைக்கும். ஆடிட்டர் கேட்டபோது நான் ஏப்ரல் ஷீட்டைக் காட்டி வாதாடினேன், வெட்கம்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்வாப்பைத் தொடங்கிய நாளிலேயே, மதிப்பு பூஜ்யமாக இருக்கும்போதே ஹெட்ஜாக அறிவித்திருந்தால், வரிக்கு முந்தைய ரிசர்வ் இருப்பு கிளீன் மதிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காரணம் கையில் இருக்க வேண்டும். பேங்குக்கு ஒரு மெயில் போட்டு, சேர்ந்த வட்டியைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள்.

'எது குறைவோ அது' சோதனையை மறப்பது

ரிசர்வ் கிளீன் மதிப்போடு ஒத்துப்போகாததற்கு நியாயமான காரணம் ஒன்று இந்தச் சோதனை. நிதிக் கருவிகளுக்கான கணக்குத் தரம் இண்ட் ஏஎஸ் 109-ன்படி, ஸ்வாப்பின் தொடக்கம் முதலான மொத்த லாபம் 100 லட்சம், கடனின் பக்கம் ஏற்பட்ட மாற்றம் 94 லட்சம் என்றால் ரிசர்வுக்கு 94 மட்டும். மீதி 6 லாப நட்டத்துக்கு. கடன் பக்கம் 106 ஆக இருந்தால் ரிசர்வில் 100, லாப நட்டத்தில் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் சமமாக நடத்தப்படுவதில்லை. அந்தக் காலாண்டின் மாற்றத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், மொத்தத்தை வைத்து ஒப்பிடுங்கள்.

ஹெட்ஜ் ஆவணத்துக்குப் பின்தேதி

போடாதீர்கள்.

ஒத்திவைத்த வரி

ரிசர்வின் மேல் வரும் வரியும் ஓசிஐயில்தான், லாப நட்டத்தில் அல்ல.

கடன் முன்கூட்டியே அடைந்த பிறகும் ரிசர்வை விட்டுவைப்பது

ஸ்வாப்பை மட்டும் முறித்து, கடன் தொடர்ந்தால், ரிசர்வ் அங்கேயே இருந்து வட்டி விழ விழ லாப நட்டத்துக்குப் போகும். கடனையே அடைத்துவிட்டு, அந்த வட்டி இனி வரப்போவதில்லை என்றால், முழு இருப்பும் உடனே லாப நட்டத்துக்கு வர வேண்டும். பையனின் ஷீட்டில் போன வருஷமே மூடிய கடன் ஒன்றின் ரிசர்வ் இன்னும் வரிசையில் நின்றது. 10 லட்சத்தைத் திருத்திய கையோடு அதையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.