கன்னுக்குட்டிக்கு தனிக் கொட்டாய் போடுறது எப்படி

எங்க பண்ணைல முன்னாடியெல்லாம் கன்னுங்களை மாட்டுக்கொட்டாய் மூலைல வரிசையா கட்டிப் போடுவோம், ஒன்னுக்கு கழிச்சல் வந்தா ஒரு வாரத்துல பக்கத்துல இருக்கிறதுக்கும் வந்துரும். கழிச்சல் கிருமி சாணத்துல இருந்து வாய்க்குப் போகுது, சளி மூக்குல இருந்து மூக்குக்கு ஒட்டுது. அதனால ஒரு கன்னு இன்னொன்னை நக்க முடியாம பண்ணனும், அவ்ளோதான்.

முதல்ல இடம் பாருங்க. தண்ணி நிக்காத மேடு, பெரிய மாடுங்ககிட்ட இருந்து தள்ளி, வெயில் காலத்துக்கு மரநிழல். ஒரு கன்னுக்கு 4 அடி அகலம், 6 அடி நீளம் வேணும், ரெண்டு மாசம் வரைக்கும் இது தாங்கும். ரெண்டு கொட்டாய்க்கு நடுவுல 3 அடி இடைவெளி விடுங்க, மூங்கில் தடுப்பு வழியா மூக்கை நீட்டினாலும் எட்டக்கூடாது.

தரைக்கு அரை அடி ஜல்லி, அதுமேல நல்லா காஞ்ச வைக்கோல் கனமா போடுங்க. மூத்திரம் ஜல்லிக்குள்ள இறங்கிரும். தினமும் காலைல வைக்கோல் மேல முட்டி போட்டு 20 செகண்ட் இருங்க, பேன்ட் நனைஞ்சா புதுசு போட்டே ஆகணும்.

கூரைக்கு தென்னங்கீத்து. மழைச்சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் மறைச்சா போதும். இங்கதான் நான் சொதப்பினேன். ஐப்பசி மழைல பாவம் குளிருமேன்னு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிட்டேன், நாலாம் நாள் கன்னு இருமுது, படுத்திருக்கும்போதே மூச்சு நிமிஷத்துக்கு 60, காய்ச்சல் 104. டாக்டர் ஊசி போட்டுட்டு, உள்ள குந்தி உக்காந்து கன்னு மூக்கு உயரத்துல மோந்து பாருங்கன்னாரு, பாத்தா கண்ணே எரியுது. நனைஞ்ச வைக்கோல்ல இருந்து வர்ற அம்மோனியா வெளிய போக வழியே இல்ல, நின்னு பாத்தப்ப எனக்கு தெரியவே இல்ல. குளிருக்கு கனமான வைக்கோல்தான் மருந்து, கன்னு படுத்தா கால் புதையணும்.

கன்னுக்கு ஒரு பக்கெட், மாத்தி வைக்காதீங்க. பால் ஊத்தும்போது சின்னதுல ஆரம்பிச்சு பெருசுக்குப் போங்க, கழிச்சல் உள்ளது கடைசி. கன்னு காலி பண்ணதும் வைக்கோலை முழுசா வாரிட்டு, சோப்புத் தண்ணில தேச்சு கழுவி ரெண்டு வாரம் வெயில்ல காய விடுங்க. சாணம் ஒட்டியிருக்கும்போது மேல ஃபினாயில் ஊத்துறது வேஸ்ட், சில கழிச்சல் கிருமி ஃபினாயிலுக்கு அசையாது, காய்ச்சலுக்குத்தான் சாகும் (நான் சொல்றது வெயில்ல காயிறதை!).

இன்னொன்னு, சீம்பால் சரியா குடிக்காத கன்னை எந்தக் கொட்டாய்ல வச்சாலும் நோய் வரும். 30 கிலோ கன்னுன்னா 3 லிட்டர், அதுல முதல் பங்கு பொறந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிருக்கணும்.