கணவரோடு வெளிநாட்டில் இருந்த வருடங்களை நேர்முகத்தில் எப்படிச் சொல்வது?

மட்டக்களப்பில் சின்ன நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது நேர்முகக் குழுவில் நானும் உட்காருவதுண்டு. கணக்கு, நிர்வாகம், திட்ட அலுவலர் என்று எந்தப் பதவியாக இருந்தாலும், விண்ணப்பங்களில் இப்படி ஒருவராவது இருப்பார்: நல்ல வேலையில் இருந்தவர், துணைக்கு வெளிநாட்டு வாய்ப்பு வந்ததால் வேலையை விட்டுக் கூடப் போனவர், இப்போது ஊருக்குத் திரும்பியவர். வேலையைப் பற்றிக் கேட்டால் நன்றாகப் பேசுவார். அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டவுடன் குரல் மாறிவிடும், நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார். அந்த ஒரு பதிலை எப்படித் தயார் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்து சம்பளமில்லா விடுமுறை எடுத்துப் போனவர்களுக்கு இது தேவையில்லை. அவர்களுடைய கடிதமே பதில் சொல்லிவிடும். வேலையை விட்டுவிட்டுப் போனவர்களுக்குத்தான் இது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கல்லடியைச் சேர்ந்த ஒரு பெண். தொண்டு நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடம் கணக்கு அலுவலராக இருந்தவர். கணவர் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர். 2022 ஒக்டோபரில் கல்வி விடுமுறையில் கலாநிதிப் படிப்புக்கு ஜப்பான் போகிறார், இவரும் போகிறார். 2025 செப்டெம்பரில் திரும்பி வருகிறார்கள். இப்போது ஊரில் ஒரு கணக்கு அலுவலர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார்.

படி 1: உண்மைகளை ஒரு தாளில் எழுதுங்கள்

போன மாதம், வந்த மாதம், எந்த விசா, அந்த விசாவில் வேலை செய்ய முடியுமா, என்ன வேலை செய்தீர்கள், ஏன் திரும்பினீர்கள். இவ்வளவும் போதும்.

விசா விஷயத்தில் கவனமாக இருங்கள். "விசாவில் வேலை செய்ய விடமாட்டார்கள்" என்று பலர் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நாட்டுக்கு நாடு அது வேறு. அமெரிக்காவில் மாணவரின் துணைக்குக் கொடுக்கும் F-2 விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஜப்பானில் அப்படியில்லை, குடும்பமாகத் தங்குகிறவர்கள் தனியாக அனுமதி எடுத்து வாரத்துக்கு 28 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். நம் பல்கலைக்கழகங்களில் ஜப்பானில் படித்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் உங்கள் சாட்டு அங்கேயே பிடிபடும்.

நம்முடைய உதாரணத்துப் பெண் அங்கே சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் பகுதிநேரமாக வேலை செய்தார். படித்த பிள்ளை அந்த வேலை செய்ததென்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று இதை மறைக்கச் சொல்லுகிற சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். நான் மறைக்க வேண்டாம் என்பேன். "களஞ்சிய முகாமைத்துவம்" என்று பெருப்பிக்கவும் வேண்டாம். இருந்ததை ஒரு வரியில் சொன்னால் போதும்.

படி 2: சீவியில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள்

பலர் செய்கிற வேலை, மாதங்களை அழித்துவிட்டு வருடங்களை மட்டும் போடுவது. குழுவில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பதே திகதியைத்தான். மாதம் இல்லாவிட்டால், எதையோ மூடுகிறார் என்ற எண்ணம் நீங்கள் வாசலுக்கு வருமுன்னமே வந்துவிடும்.

வேலை வரிசையிலேயே, மேலிருந்து முதல் இடத்தில், இப்படி எழுதுங்கள். உங்கள் சீவி ஆங்கிலத்தில் இருந்தாலும் அமைப்பு இதுதான்:

> 2022 ஒக்டோபர் – 2025 செப்டெம்பர்: குடும்பத்துடன் ஜப்பானில் வசிப்பு (கணவரின் கலாநிதிப் படிப்பு). பகுதிநேரம்: உணவுத் தொழிற்சாலை. தற்போது மட்டக்களப்பில் நிரந்தரமாக வசிக்கிறேன்.

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள், ஏன் என்று படி 5இல் வரும். லிங்க்ட்இன் பக்கம் வைத்திருப்பவர்கள் Add career break என்பதை அழுத்தி, வகையில் Relocation என்பதைத் தெரிவு செய்து, சீவியில் போட்ட அதே மாதங்களைப் போடுங்கள். இரண்டு இடத்திலும் திகதி வேறுபட்டால் வீண் கேள்வி வரும்.

படி 3: நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் தொழிலில் என்ன மாறியது என்று படியுங்கள்

பதில் தற்காப்பாக வருவதற்கு முக்கிய காரணம் சொல்லத் தெரியாமை இல்லை. "எனக்கு எல்லாம் மறந்துபோயிருக்குமோ" என்ற பயம் உள்ளே இருப்பதுதான். பேச்சுப் பயிற்சியால் அது போகாது. உட்கார்ந்து படித்தால்தான் போகும்.

கணக்கு வேலைக்கு இந்த மூன்று வருடம் சாதாரணக் காலம் இல்லை. இவர் விமானம் ஏறும்போது வற் வரி 15 வீதம், 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். அதைவிடப் பெரிய மாற்றம் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியில், அதாவது ஏ.பி.ஐ.டி.யில் வந்தது. இவர் போன நேரம் மாதம் 250,000 ரூபாய் வரை வரி இல்லை. அதனால் இவருடைய நிறுவனத்தில் அநேகமாக ஒருவருக்கும் பிடித்திருக்க மாட்டார்கள். 2023 ஜனவரியில் அந்த எல்லை 100,000க்கு இறங்கியது, வரி பிடிப்பதும் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் எல்லை 150,000க்கு ஏறியது.

இதை வாசித்துவிட்டு விடாமல், கையால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் 200,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுங்கள்.

2022 ஒக்டோபரில் அவருக்கு வரி பூச்சியம்.

2023 ஜனவரி முறையில், 100,000க்கு மேலே உள்ள 100,000க்கு வரி. முதல் 41,667க்கு 6 வீதம், அது 2,500 ரூபாய். அடுத்த 41,667க்கு 12 வீதம், 5,000 ரூபாய். மிச்சம் 16,666க்கு 18 வீதம், 3,000 ரூபாய். மொத்தம் 10,500.

2025 ஏப்ரல் முறையில், 150,000க்கு மேலே உள்ள 50,000 மட்டுமே வரிக்கு வரும். முதல் படிக்கட்டு இப்போது மாதம் 83,333 வரை 6 வீதம் என்பதால் முழுத்தொகையும் அதற்குள் அடங்கிவிடும். வரி 3,000.

ஒரே சம்பளம், மூன்று விடை. ஈ.பி.எப். ஊழியருக்கு 8, முதலாளிக்கு 12, ஈ.டி.எப். 3 என்பது அப்படியேதான் இருக்கிறது. இதையும் சேர்த்து, நாலு பேருக்கு ஒரு மாதிரிச் சம்பளப் பட்டியல் எக்செல்லில் போட்டு வைத்துக்கொண்டால், "புதுப்பித்துக்கொண்டேன்" என்று சொல்லும்போது அதற்குக் கீழே ஒரு பொருள் இருக்கும். வேறு தொழிலில் இருப்பவர்கள் தங்கள் துறையில் இதே மாதிரி ஒன்றைத் தேடுங்கள்: நீங்கள் போன திகதியில் விதி எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது.

படி 4: பதிலை எழுதி, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்

முதலில், பெரும்பாலும் வருகிற பதில் இது:

"என்ன செய்யிறது சேர், அவருக்கு ஸ்கொலர்ஷிப் கிடைச்சது, பிள்ளையும் சின்னன், தனிய விட ஏலாது, வேற வழியில்லாமப் போன நான். ஆனா அங்கயும் சும்மா இருக்கேல்ல. பாஷைதான் பிரச்சினை, இல்லாட்டி நல்ல வேலை எடுத்திருப்பன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் சுமத்தாத குற்றங்களுக்கு வரிசையாக மறுப்பு வருகிறது. ஏன் போனாய், ஏன் சும்மா இருந்தாய், ஏன் நல்ல வேலை எடுக்கவில்லை என்று குழு கேட்கவே இல்லை. இதைக் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்விகள் குழுவுக்கே தோன்றும்.

அதே ஆள், அதே உண்மைகள், வேறு ஒழுங்கில்:

"2022 ஒக்டோபரில் கணவரின் படிப்புக்காகக் குடும்பமாக ஜப்பான் போனோம். அங்கே ஓர் உணவுத் தொழிற்சாலையில் பகுதிநேரமாக வேலை செய்தேன், அது கணக்கு வேலை இல்லை. செப்டெம்பரில் திரும்பினோம். நான் இல்லாத காலத்தில் ஏ.பி.ஐ.டி. இரண்டு தரம் மாறியிருக்கிறது, வற் கூடியிருக்கிறது. அதையெல்லாம் படித்து, இப்போதைய முறைப்படி ஒரு சம்பளப் பட்டியல் போட்டுப் பழகியிருக்கிறேன். உங்கள் விளம்பரத்தில் நன்கொடையாளர் அறிக்கை என்று இருந்தது. முந்திய நிறுவனத்தில் ஐந்து வருடமும் நான் செய்தது அதுதான்."

போனது, இருந்தது, வந்தது, இப்போது தெரிந்தது, உங்களுக்கு உதவுவது என்ற ஒழுங்கில் வருகிறது. கடைசி வசனம் பேச்சை அவர்களுடைய வேலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அநேகமாக அடுத்த கேள்வி நன்கொடையாளர் அறிக்கையைப் பற்றித்தான் இருக்கும்.

போனில் பதிவு செய்து கேளுங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ காரணம் புகுந்திருக்கிறது, அதைத் தேடி வெட்டுங்கள். சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். குழுவில் ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்த இடத்தை நிரப்பத்தான் பிள்ளை, மாமியார், பாஷை எல்லாம் உள்ளே வரும். அவர் எழுதட்டும், விடுங்கள்.

படி 5: பின்னால் வரும் கேள்விகள்

"திரும்பவும் போவீங்களா?" இதுதான் குழுவின் உண்மையான கவலை. ஆறு மாதம் பழக்கி எடுத்த பிறகு ஆள் போய்விட்டால் அவர்களுக்குத்தான் நட்டம். "இல்லை சேர், சத்தியமாப் போகமாட்டம்" என்பதால் ஒன்றும் ஆகாது. சரிபார்க்கக்கூடிய உண்மை ஒன்றைச் சொல்லுங்கள். நம் உதாரணத்தில் அது கையிலேயே இருக்கிறது: கல்வி விடுமுறையில் போகும் விரிவுரையாளர் திரும்பி வந்து குறித்த காலம் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிவிட்டுத்தான் போகிறார். "கணவர் பல்கலைக்கழகத்தில் திரும்பச் சேர்ந்துவிட்டார், ஒப்பந்தக் காலம் இருக்கிறது" என்றால் விஷயம் முடிந்தது. உங்களுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லையென்றால் பிள்ளையின் பாடசாலைச் சேர்ப்பு, வீடு கட்டுவது என்று உண்மையாக இருப்பதைச் சொல்லலாம். துணை இன்னும் வெளியில்தான், நீங்களும் போகக்கூடும் என்றால் "அடுத்த இரண்டு வருடம் இங்கே இருப்பேன்" என்று தெரிந்த எல்லையைச் சொல்லுங்கள். நிரந்தரம் என்று சீவியில் எழுதவும் வேண்டாம்.

"பிள்ளையை யார் பார்ப்பது?" கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் நம் ஊரில் கேட்பார்கள். "ஏற்பாடு இருக்கிறது, எட்டரைக்கு வருவதில் பிரச்சினை இல்லை" என்பதோடு நிறுத்துங்கள். அம்மம்மாவின் உடல்நிலை வரைக்கும் போக வேண்டாம்.

"கடைசியாக என்ன சம்பளம்?" தொகையைச் சொல்லுங்கள், கூடவே "அது 2022இல்" என்றும் சேருங்கள். நேர்முகத்துக்கு முதல், ஊரில் அதே பதவியில் இருக்கும் இரண்டு பேரிடம் இப்போதைய நிலவரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டால், எதிர்பார்ப்பு எவ்வளவு என்று அடுத்துக் கேட்கும்போது பழைய தொகையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையிருக்காது.